முப்பத்தைந்தில் குரூப் 4: ஒரு அக்காவின் கணக்கு

அன்புள்ள தங்கச்சி,

புதன்கிழமை நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று தடவை கேட்டேன். பின்னால் குளித்தலை பஸ்ஸின் ஹாரன் சத்தம், நடுவில் உன் குரல்: "முப்பத்தஞ்சு ஆயிடுச்சுக்கா, இனிமே புத்தகத்தைத் தூக்குனா ஊரு சிரிக்காதா?" ஊர் சிரிப்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு மேல் யாராலும் சிரிக்க முடியாது, அவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்விக்குள் வேறு நாலு கேள்வி இருக்கிறது. வேலையை விட்டுவிட்டுப் படிப்பதா? வேலையில் இருந்துகொண்டே தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 எழுதுவதா? பட்டம் இருக்கிறதே என்று குரூப் 2ஏ-க்குப் போவதா? இல்லை, தேர்வை விட்டுவிட்டு ஜிஎஸ்டி தாக்கல் வேலையை வளர்ப்பதா? இதையெல்லாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் தூக்கம் வரவில்லை என்கிறாய்.

முதலில் வயதை ஒரு வழியாக முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் அபிப்பிராயத்துக்கு இடமே இல்லை, விதிதான். மத்திய குடிமைப் பணித் தேர்வுக்கு ஓபிசி என்றாலும் 35-ஓடு கதவு சாத்தியாகிவிட்டது. பொதுத்துறை வங்கி கிளார்க் தேர்வு அதற்கும் முன்பே முடிந்துபோனது, அங்கே 28, சலுகை சேர்த்தால் 31. குரூப் 1-க்கு நம் பிரிவுக்கு 39 வரை நேரம் இருக்கிறது. குரூப் 4-ன் வயதுப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் நீ பயந்திருக்கிறாய். அதில் இளநிலை உதவியாளர், தட்டச்சர் பதவிகளுக்குப் பிற்படுத்தப்பட்டோருக்கு 34 என்று போட்டிருக்கும். அந்த வரியோடு மூடிவிட்டாய் போலிருக்கிறது. அதற்குக் கீழேயே இன்னொரு குறிப்பு உண்டு. அந்தப் பதவிக்குக் குறைந்தபட்சத் தகுதி பத்தாம் வகுப்பு. அதைவிடக் கூடுதலாகப் படித்த பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தார், பழங்குடியினருக்கு உச்ச வயது வரம்பு இல்லை, 60 முடியாதிருந்தால் போதும். நீ பி.காம். உனக்கு அந்த 34 பொருந்தாது. கிராம நிர்வாக அலுவலருக்கு மட்டும் 42 என்ற வரம்பு தனியாக இருக்கிறது, அதற்கும் உனக்கு ஏழு வருடம் மிச்சம்.

உன் கூட வேலை பார்க்கிற அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லி ஆசை காட்டிவிடாதே. அவள் இடஒதுக்கீட்டுப் பிரிவுகளில் வராதவள் என்றால் 32-ஓடு முடிந்தது, எத்தனை பட்டம் இருந்தாலும் இந்தச் சலுகை கிடையாது. ஆதரவற்ற விதவை, மாற்றுத்திறனாளி, முன்னாள் படைவீரர் என்றால் தனிக் கணக்கு. இதைத் தெரியாமல் ஒரு வருடம் படித்துவிட்டு, விண்ணப்பத்தைப் போடப் போகும்போது அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். வயதை அறிவிக்கை வருகிற ஆண்டின் ஜூலை 1-ஐ வைத்துக் கணக்கிடுவார்கள் என்பதையும் ஞாபகம் வை.

ஆக, வயது உன்னைத் தடுக்கவில்லை. உனக்குத் தட்டுப்பாடு நேரத்தில்தான். அதனால் ஒவ்வொரு வழியையும் எத்தனை மணி நேரம், எத்தனை ரூபாய் என்று பார்ப்போம். நீ கணக்குப் பார்க்கிறவள்தானே.

முதலில் வேலையை விடும் வழி. இதை நான் செய்து பார்த்தவள். 31 வயதில் அச்சகத்துக் கணக்கு வேலையை விட்டுவிட்டுச் சென்னையில் விடுதியில் தங்கி ஒன்பது மாதம் படித்தேன். ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். அவர்கள் கொடுத்த குறிப்பேட்டில் பாதி, பழைய பாடப்புத்தகத்திலிருந்து எடுத்தது என்பது தேர்வுக்கூடத்தில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அதைக்கூட விட்டுவிடலாம். என்னை உண்மையில் சாய்த்தது, நான் எதிர்பார்த்த மாதத்தில் அறிவிக்கை வராததுதான். கையிலிருந்த பணம் ஏழாவது மாதத்திலேயே தீர்ந்துபோயிற்று.

வேலையை விடுகிறவர்கள் எல்லோரும் தேர்வு நாள் வரைதான் கணக்குப் போடுகிறார்கள். பணம் அதற்குப் பிறகும் போய்க்கொண்டே இருக்கும். 2022 குரூப் 4 தேர்வு ஜூலை 24-ல் நடந்தது, முடிவு வந்தது 2023 மார்ச் 24-ல், எட்டு மாதம். 2024-ல் ஜூன் 9 தேர்வு, அக்டோபர் 28 முடிவு. 2025-ல் ஜூலை 12 தேர்வு, அக்டோபரில் முடிவு. இப்போது வேகம் கூடியிருக்கிறது, உண்மைதான். ஆனாலும் முடிவுக்குப் பிறகு சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு, துறையிலிருந்து பணி நியமன ஆணை என்று இன்னும் சில மாதம் போகும். 2023-ல் குரூப் 4 தேர்வே நடக்கவில்லை என்பதையும் மறக்காதே. பத்து மாதம் படிப்பு, பிறகு எட்டு மாதம் காத்திருப்பு என்று வைத்தால் 18 மாதம் உன் மாதச் சம்பளம் 17,000 வராது. 3,06,000 ரூபாய். முதல் முயற்சியிலேயே வேலை கிடைத்தால்தான் இந்தத் தொகை.

கிடைக்கும் சம்பளத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார். இளநிலை உதவியாளரும் தட்டச்சரும் 19,500 அடிப்படை ஊதியத்தில் தொடங்குகிறார்கள். அகவிலைப்படி 58 விழுக்காடு என்று வைத்தால் 30,800 ரூபாய் ஆகிறது, வீட்டு வாடகைப்படி தனி, பிடித்தமும் தனி. இன்றைய உன் சம்பளத்தைவிட மாதம் 13,000-த்துச் சொச்சம் கூடுதல். அப்படியானால் வேலையை விட்டதால் இழந்ததை ஈடுகட்டவே சேர்ந்த பிறகு இரண்டு வருடம் ஆகும். 37-ல் சேர்ந்தால் 60 வரை 23 வருடப் பணி, அதில் இரண்டு வருடம் போகட்டும் என்று சொல்லலாம். ஆனால் தவறிவிட்டால்? பள்ளிக்கூடப் பருவத்தில் இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் இந்த வழியைப் பரிந்துரைக்கக் கூடாது. நான் பரிந்துரைக்கவில்லை.

வேலையில் இருந்துகொண்டே படிப்பது என்றால் எத்தனை மணி நேரம் கிடைக்கும்? நீ "தினமும் மூணு மணி நேரம் படிச்சிடுவேன்க்கா" என்றாய். படிக்க மாட்டாய். உன் மாதத்தை எடுத்துப் பார். 7-ந் தேதி டிடிஎஸ் கட்டணும், 11-ந் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ந் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி. 7-லிருந்து 20 வரை நீ வீட்டுக்கு வருவதே எட்டரைக்கு. அந்த இரண்டு வாரமும் இரவுப் படிப்பு கிடையாது என்று இப்போதே எழுதி வைத்துவிடு. காலை நாலே முக்காலிலிருந்து ஆறு மணி வரை, ஒன்றேகால் மணி நேரம் உன்னுடையது. பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் பாதியை எண்ணலாம், உட்கார இடம் கிடைத்தால். ஞாயிறு நாலு மணி நேரம். நல்ல வாரத்தில் பதினாலரை மணி நேரம் வரும், நெருக்கடி வாரத்தில் ஏழு. மாதத்துக்கு 43 மணி நேரம். பத்து மாதத்துக்கு 430. கல்யாணம், காய்ச்சல், பிள்ளைகளின் பரீட்சை எல்லாம் இதில் கொஞ்சம் கடித்துக்கொண்டுதான் போகும்.

430 மணி நேரம் குறைவா? எந்தத் தேர்வுக்கு என்பதைப் பொறுத்தது. இங்கேதான் குரூப் 2ஏ-யும் குரூப் 4-ம் பிரிகின்றன.

பட்டதாரிகள் பலரும் குரூப் 4-ஐக் கொஞ்சம் கௌரவக் குறைச்சலாகப் பார்ப்பார்கள், உன் வீட்டுக்காரர் உட்பட. குரூப் 2ஏ-யில் முதல்நிலை 200 கேள்வி, அதில் பொது அறிவு பட்டப்படிப்புத் தரத்தில். அதைத் தாண்டினால் முதன்மைத் தேர்வு. அதற்குள் எழுத்து முறையில் தமிழ்த் தகுதித் தாள் ஒன்று. 2022-ல் மே மாதம் முதல்நிலை எழுதியவர்கள் முதன்மை எழுதியது 2023 பிப்ரவரியில், முடிவைப் பார்த்தது 2024 ஜனவரியில். இருபது மாதம் ஒரே தேர்வின் பிடியில். பிறகு அட்டவணை சுருங்கியது என்றாலும் இரண்டு கட்டம் என்பது மாறவில்லை. இரண்டு கட்டத் தேர்வு என்றால், முதல்நிலை முடிந்ததும் இன்னொரு பாடத்திட்டத்துக்கு மறுபடியும் மணி நேரம் ஒதுக்கணும். உன்னிடம் இருப்பது மாதம் 43.

அதோடு நீ யோசிக்காத ஒன்று இருக்கிறது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு என்பது உனக்குத் தெரியும். 2020-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதிலிருந்து, பதவிக்குக் கேட்கப்படும் கல்வித் தகுதி வரை, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். குரூப் 2ஏ-க்குத் தகுதி பட்டம், நீ பி.காம் படித்தது ஆங்கில வழியில். அங்கே உனக்கு அந்தச் சலுகை இல்லை. குரூப் 4-க்குத் தகுதி பத்தாம் வகுப்பு. அதுவரை நீ முழுக்கத் தமிழ் வழி. பட்டத்தை எந்த வழியில் படித்தாய் என்று அங்கே கேட்க மாட்டார்கள். நீ கல்லூரியில் ஆங்கில வழி எடுத்தது ஒரு தேர்வில் உனக்கு எதிராகவும் இன்னொன்றில் உன்னைத் தொடாமலும் நிற்கிறது. மகளிருக்கான 30 விழுக்காட்டுக்குள்ளும் இந்தப் பங்கு இருக்கிறது. எத்தனையோ பேர் இதைப் பார்க்காமல் பெரிய பதவி என்ற ஒரே காரணத்துக்காகத் தேர்வைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஆனால் அந்தச் சலுகை தானாக வராது, காகிதம் வேண்டும். ஒன்றிலிருந்து ஐந்து வரை ஊர்ப்பள்ளி, ஆறிலிருந்து பெண்கள் மேல்நிலைப் பள்ளி, இரண்டு தலைமையாசிரியர்களிடமும் தனித்தனியாகச் சான்று வாங்க வேண்டும். இருபத்தைந்து வருடத்துக்கு முந்திய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடச் சொன்னால் அவர்களுக்கும் நாள் ஆகும். அறிவிக்கை வந்த பிறகு போனால் உன்னோடு ஊரே வரிசையில் நிற்கும். இப்போதே போ. இன்னொன்று, சாதிச் சான்றிதழ் அப்பா பெயரில் இருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்காரர் பெயரில் வாங்கியிருந்தால் அது ஏற்கப்படாது. மதிப்பெண் எடுத்தும் சரிபார்ப்பில் தவறியவர்களில் பெண்கள் அதிகம் மாட்டுவது இதில்தான்.

சரி, குரூப் 4-க்கு வருவோம். ஒரே தேர்வு, காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை. 200 கேள்வி, 300 மதிப்பெண். பகுதி அ-வில் 100 கேள்வி முழுக்கத் தமிழ். அதில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் பகுதி ஆ-வைத் திருத்தவே மாட்டார்கள். பகுதி ஆ-வில் பொது அறிவு 75, கணக்கும் அறிவுக்கூர்மையும் 25. மொத்தத்தில் 90 எடுத்தால் தேர்ச்சி என்று போட்டிருப்பார்கள். அந்த 90-ஐப் பார்த்து ஏமாறாதே. அது தேர்ச்சிக்கான கோடு, வேலைக்கான கோடு இல்லை. 2025-ல் முதலில் அறிவித்த இடங்கள் 3,935, விண்ணப்பம் போட்டவர்கள் ஏறக்குறைய 14 லட்சம். நான் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பிள்ளைகளுக்கு வைக்கும் கோடு 200-க்கு 165 கேள்வி சரி. அது என் கோடு, தேர்வாணையத்தின் கோடு இல்லை. ஒவ்வொரு வருடமும் இடங்களின் எண்ணிக்கையைப் பொறுத்து ஏறும் இறங்கும்.

முப்பத்தைந்தில் தொடங்குகிறவர்களிடம் நான் பார்த்த பெரிய தப்பு, "தமிழ்தானே, நமக்குத் தெரியும்" என்பது. நீ பத்தாவது முடித்து இருபது வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு 2010-11-ல் சமச்சீர்க் கல்வி வந்து புத்தகம் மாறியது. 2018-19-லிருந்து மறுபடியும் முழுக்க மாறியது. நீ படித்த செய்யுள், உரைநடை, அறிவியல் பாடம், வரலாறு எதுவும் இப்போதைய புத்தகத்தில் அப்படியே இல்லை. இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் புத்தகம் ஞாபகத்தில் இருக்கும். நீ முதல் தடவையாகத் திறக்கப் போகிறாய். அதனால் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ்ப் புத்தகங்களை வரி வரியாகப் படிக்க 150 மணி நேரம் வை. புதிய பாடத்திட்டத்தில் இலக்கணத்துக்கு மட்டும் 25 கேள்வி. இலக்கியமும் தமிழறிஞர்களும் சேர்ந்து 15-தான். பழைய குறிப்பேடுகளை வைத்துப் புலவர்களின் ஊரையும் அடைமொழியையும் மனப்பாடம் செய்துகொண்டிருப்பவர்கள் சின்னப் பகுதியில் பெரிய நேரத்தைக் கொட்டுகிறார்கள்.

கணக்கில் உனக்கு ஒரு வேடிக்கையான சிக்கல் வரும். விழுக்காடு, வட்டி எல்லாம் உன் தொழில். ஆனால் பன்னிரண்டு வருடமாக டேலியும் எக்செல்லும் உனக்காகக் கூட்டிக் கழித்தன. கையால் பெருக்கும் வேகம் போயிருக்கும். "தனிவட்டியில் ஒரு தொகை 8 ஆண்டில் இரட்டிப்பாகிறது, வட்டி வீதம் என்ன?" என்றால், இரட்டிப்பு என்றாலே வட்டி அசலுக்குச் சமம், 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5 என்று பதினைந்து நொடியில் வர வேண்டும். 200 கேள்விக்கு 180 நிமிடம். தமிழில் அரை நிமிடத்தில் முடிக்கிற கேள்விகள்தான் கணக்குக்கு நேரம் வாங்கித் தரும். கணக்குக்கு 90 மணி நேரம், கால்குலேட்டரைத் தொடாமல். பொது அறிவுக்கு 120. பழைய வினாத்தாள் எழுதி, தப்பைப் பிரித்துப் பார்க்க 70. மொத்தம் 430 சரியாகிவிட்டது. குரூப் 4-க்கு இது போதும், நெருக்கிப் போதும். குரூப் 2ஏ-க்குப் போதாது. உள்ளே போன பிறகு துறைக்குத் தெரிவித்துவிட்டு அதை எழுதலாம், என் பழைய அலுவலகத்தில் அப்படி மேலே போனவர்கள் உண்டு.

இப்போது நீ பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போன ஒரு விஷயம். கல்லூரிக் காலத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப்ரைட்டிங் லோயர் முடித்திருப்பதாகச் சொன்னாய். உன் குரல் பதிவிலேயே விலையுள்ள வாக்கியம் அதுதான். குரூப் 4-ல் தட்டச்சர் பணியிடங்கள் தனியாக இருக்கின்றன, 2025-ல் ஆயிரத்துக்கும் மேல். கிராம நிர்வாக அலுவலர் அந்த வருடம் வெறும் 215. தேர்வு எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் தட்டச்சர் இடத்துக்கு, டைப்ரைட்டிங் சான்று இருப்பவர்களுக்குள் மட்டும்தான் போட்டி. அதனால் தட்டச்சருக்கான கோடு இளநிலை உதவியாளரைவிடக் கீழே இறங்கும். சம்பளம் இரண்டுக்கும் அதே 19,500-தான்.

ஆனால் இரண்டு லோயர் போதாது. குறைந்தது ஒன்று ஹையர் வேண்டும். முன்னுரிமையிலும் படி இருக்கிறது. இரண்டிலும் ஹையர் முடித்தவர்கள் முதலில். அடுத்துத் தமிழ் ஹையர், ஆங்கிலம் லோயர். அதற்கும் அடுத்துதான் ஆங்கிலம் ஹையர், தமிழ் லோயர். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் ஆங்கில விசைப்பலகை பழகியது என்று ஆங்கில ஹையரை முதலில் முடித்துவிட்டுக் கடைசிப் படியில் நிற்பார்கள். நீ தமிழை முதலில் முடி. லோயரில் நிமிடத்துக்கு 30 சொல், ஹையரில் 45. பதினைந்து வருடம் கழித்துப் போகிற விரலுக்கு அந்த 15 சொல் சும்மா ஏறாது, தினம் ஒரு மணி நேரம் என்று நாலைந்து மாதம் ஆகும். அரசுத் தொழில்நுட்பத் தேர்வு வழக்கமாக பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கும். ஒன்றில் தமிழ், அடுத்ததில் ஆங்கிலம் என்று வைத்துக்கொள். குரூப் 4 அறிவிக்கை வருவதற்குள் சான்று கையில் இருக்க வேண்டும், தேர்வு எழுதி முடிவுக்குக் காத்திருக்கிறேன் என்றால் எடுக்காது.

இதற்கும் நேரம் வேண்டுமே என்பாய். வேண்டும்தான், இலவசமாக வராது. கரூரிலேயே வேலை முடிந்து ஆறரைக்கு இன்ஸ்டிட்யூட் போய்விட்டு ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால் காலைப் படிப்பைத் தொடாது. ஆனால் 7-லிருந்து 20 வரை போக முடியாது, மாதத்துக்குப் பதினாலு நாள்தான் விரல் ஓடும். அதனால் ஐந்து மாதம் என்பதை எட்டு என்று வைத்துக்கொள்வது நியாயம். வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டை யார் பார்ப்பது என்பதை உன் வீட்டுக்காரரிடம் நீதான் பேசணும். நான் பேசட்டுமா என்று கேட்காதே, பேசினால் சண்டைதான் வரும்.

நான் 34-ல் உள்ளே போனது இந்தத் தட்டச்சர் வாசல் வழியாகத்தான். இளநிலை உதவியாளருக்கு என் மதிப்பெண் எட்டவில்லை.

நாலாவது வழியைச் சும்மா ஒதுக்கிவிட எனக்கு மனசு வரவில்லை. ஒரு மளிகைக் கடைக்காரர் மாதம் 800 ரூபாய் கொடுத்து உன்னிடம் ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறார் என்றாய். அப்படி இருபது கடை பிடித்தால் 16,000, இப்போதைய சம்பளத்தோடு சேர்த்தால் அரசுச் சம்பளத்தைத் தாண்டும். அதற்கு எந்த அறிவிக்கைக்கும் காத்திருக்க வேண்டாம். அடுத்த மாதமே மூன்று கடையில் தொடங்கலாம். வேறு மாவட்டத்துக்கு மாற்றல் என்ற பயமும் இல்லை. குரூப் 4 கலந்தாய்வில் தரவரிசைப்படிதான் இடம் எடுப்பாய், பின்வரிசையில் இருந்தால் கரூர் மாவட்டம் கிடைக்காமல் போகலாம். பிள்ளைகளின் பள்ளியை அப்போது யோசிக்க வேண்டி வரும். தாக்கல் வேலையில் சிக்கல் என்னவென்றால், இருபது கடைக்காரர்களும் 11-ந் தேதியும் 20-ந் தேதியும்தான் பில்லைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அந்த நாட்களில் உன் அலுவலகமும் உன்னைப் பிடித்து வைத்திருக்கும். தாக்கலையும் தேர்வையும் ஒரே வருடத்தில் இழுத்தால் இரண்டும் கெடும், இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்.

எதை எடுப்பது என்று என் வாயால் சொல்ல மாட்டேன், வினாத்தாள் சொல்லட்டும். தேர்வாணைய இணையதளத்தில் பழைய குரூப் 4 தாள்களும் இறுதி விடைக்குறிப்பும் இருக்கின்றன. 2022, 2024, 2025 மூன்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். முதல் ஞாயிறு, எதையும் படிக்காமல், 2022 தாளை எழுது. மூன்று வாரம் ஆறாம், ஏழாம் வகுப்புத் தமிழும் விழுக்காடு, விகிதம், வட்டியும் மட்டும் படி. பிறகு 2024. இன்னும் மூன்று வாரம் எட்டாம் வகுப்புத் தமிழும் பொது அறிவில் ஏதாவது ஒரு பகுதியும். பிறகு 2025. புதிய பாடத்திட்டம் அதில்தான் தெரியும், அதனால் அதைக் கடைசிக்கு மிச்சம் வைக்கிறோம், இப்போது எட்டிப் பார்க்காதே.

எழுதும்போது ஒரு நிபந்தனை. விடைத்தாளில் ஏ, பி, சி, டி-யோடு ஈ என்று ஐந்தாவது வட்டம் இருக்கும், விடை தெரியவில்லை என்பதற்கு. இந்த மூன்று ஞாயிறும் தெரியாத ஒவ்வொன்றுக்கும் நேர்மையாக ஈ போடு. குருட்டாம்போக்கில் நாலில் ஒன்று சரியாகும், அது உனக்குப் பொய்யான நம்பிக்கை கொடுக்கும். நிஜத் தேர்வில் மட்டும் அந்த ஈ-யைத் தொடாதே. தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், ஏதாவது ஒன்றை நிழலிடுவதுதான் லாபம். வட்டத்தையே வெறுமையாக விட்டால்தான் பிடித்துக்கொள்வார்கள்.

திருத்தும்போது தப்பானவற்றை மூன்றாகப் பிரி: தெரிந்தும் அவசரத்தில் விட்டது, படித்து மறந்தது, கண்ணாலேயே பார்க்காதது. முதல் தாளில் 85-க்கு மேல் சரி என்றால் ஒரு வருடத் திட்டம் நியாயமானது. 70-க்குக் கீழே என்றால் இரண்டு வருடம் என்று வை, அதற்கு வீட்டில் சம்மதம் இருக்கிறதா என்று கேள். ஆனால் நான் அதிகம் பார்ப்பது மூன்று தாளுக்கும் நடுவிலுள்ள ஏற்றத்தை. இந்த ஆறு வாரத்தில் உனக்குக் கிடைப்பது அறுபத்தைந்து மணி நேரம். அதில் இருபது கேள்வி ஏறினால், மிச்சமிருக்கும் மணி நேரத்தில் எங்கே போய் நிற்பாய் என்று நாம் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போடலாம். பின்னால் போகப்போக ஏற்றம் மெதுவாகும் என்பதையும் அந்தக் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும். ஐந்து கேள்விதான் ஏறியது என்றால், காலை நாலே முக்காலுக்கு எழுந்தது உண்மையா, எழுந்து பாதித் தூக்கத்தில் பக்கத்தைப் புரட்டினாயா என்று முதலில் பார்ப்போம். அதிலும் குறையில்லை என்றால் இருபது கடைக்காரர்களைத் தேட நானே உன்னோடு வருகிறேன். ஜவகர் பஜாரில் எனக்குத் தெரிந்தவர்கள் உண்டு.

பயிற்சிக் கட்டணம் எங்கேயும் கட்டாதே, இப்போதைக்கு. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் வகுப்பு இலவசம், வார நாள் என்றால் உனக்கு ஒத்துவராது. ஆனால் மாதிரித் தேர்வு வைக்கும் நாட்களைக் கேட்டு வை. புத்தகத்துக்கும் செலவு வேண்டாம். உன் பெரியவள் இப்போது ஏழாவதுதானே, அவள் பையிலிருந்தே தொடங்கலாம். ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிட்டாயா?

வருகிற ஞாயிறு சரியாக ஒன்பதே காலுக்கு என் வீட்டுக்கு வா. ஒன்பதரைக்குத் தாளைக் கொடுப்பேன், பன்னிரண்டரைக்குப் பிடுங்கிவிடுவேன். விடைத்தாள் அச்சடித்து வைத்திருக்கிறேன். கறுப்பு மை பந்துமுனைப் பேனா இரண்டு கொண்டு வா. பிள்ளைகளையும் கூட்டி வா, மாடியில் விளையாடட்டும், மத்தியானம் எல்லோருக்கும் இங்கேதான் சாப்பாடு.

அன்புடன்,
அக்கா